சவூதி மைக்ரோவேவ் லேபிள்: 120ஆ 220ஆ தெரியவில்லை, காகோவில் போட முன் சொல்லுங்கள்

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 4, இரவு 7.50

தம்பி தம்மாமில் வேலை. இந்த மாசக் கடைசியில் வீட்டுக்குப் பெட்டி போடுகிறான், அதில் ஒரு மைக்ரோவேவும் வருகிறது, அறையில் கூட இருந்தவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். பின்பக்க லேபிளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பிளாஷ் வெளிச்சம் சரியாக வோல்ட் எழுதிய இடத்தில் பட்டு வெள்ளையாகிவிட்டது. எனக்குத் தெரிவது இவ்வளவுதான், கேள்விக்குறி போட்ட இடம் தெரியவில்லை:

```
?20V~  60Hz
1200W  800W
2450MHz
MODEL QM-25B8S (2588S?)
```

இது இங்கே வேலை செய்யுமா? காகோக்காரர் எடைக்குக் காசு எடுக்கிறார், வந்த பிறகு பாவிக்க ஏலாது என்றால் அந்தக் காசும் போச்சு.

திருக்கோவில் தம்பி, மார்ச் 4, இரவு 8.05

அக்கா 2450 வாட் என்றால் வேண்டாம். எங்கள் வீட்டில் 2000 வாட் கேத்தல் போட்டாலே லைட் மங்குது. பிளக் டொப்பும் சவூதியில் வேற மாதிரி, அதை வெட்டி மாற்ற வேணும்.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 4, இரவு 8.40

தம்பி, 2450க்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள், அது மெகாஹேர்ட்ஸ். உள்ளே சாப்பாட்டைச் சூடாக்குகிற அலையின் எண் அது, எந்தக் கம்பனி மைக்ரோவேவிலும் அதே 2450தான் இருக்கும். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தங்கச்சி, நான் ஜுபைலில் ஆறு வருஷம் மெயின்டனன்ஸ் வேலை செய்தவன், இந்தக் குழப்பம் அங்கே சர்வசாதாரணம். சவூதியின் பழைய கட்டடங்களில் சுவர் பிளக்கில் 127 வோல்ட் வரும், ஏசிக்கு மட்டும் தனியாக 220 இழுத்திருப்பார்கள். அதனால் ஒரே கடையில் 110, 127, 220 எல்லாச் சாமானும் இருக்கும். முதல் எண்ணை ஊகிக்க வேண்டாம். லேபிளில் எங்கேயாவது A என்ற எழுத்தோடு ஒரு சின்ன எண் இருக்கும், அம்பியர். அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், வாட்டை அம்பியரால் வகுத்தால் வோல்ட் வெளியே வந்துவிடும். 220 என்று வந்தால் தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 4, இரவு 9.02

மேலே நான் எழுதிய கடைசி வரியை எடுத்துவிடுங்கள். இஷா தொழுதுவிட்டு வந்து திரும்ப வாசித்தேன், அவசரத்தில் வோல்ட்டை மட்டும் பார்த்து 60 ஹேர்ட்ஸைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஹேர்ட்ஸ் என்றால் கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் முன்னும் பின்னும் போய் வருகிறது என்ற எண். எங்களுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். முதலில் அம்பியர் வரட்டும், மற்றதை மறுகா பேசுவோம். அனுப்பச் சொல்லிவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏறாவூர் துபாய்க்காரன், மார்ச் 4, இரவு 9.30

ஏன் இவ்வளவு பயப்படுத்துறீங்க. நான் 2012ல் துபாயிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் இன்னும் ஓடுது, அதிலும் 220தான். 220 என்றால் போடலாம், 110 என்றால் ஸ்டெப் டவுன் வாங்கிப் போடலாம். இரண்டே வழிதான்.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 4, இரவு 9.44

துபாயில் 50 ஹேர்ட்ஸ். கட்டார், குவைத் எல்லாம் அப்படித்தான். வளைகுடாவில் சவூதி மட்டும்தான் 60. உங்கள் மைக்ரோவேவ் ஓடுவதில் அதிசயமில்லை, அது எங்கள் கரண்டுக்கே செய்தது. தம்மாமில் வாங்கியதை அதோடு ஒப்பிட ஏலாது.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 5, காலை 6.20

தம்பியிடம் கேட்டேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் போனை வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு 5.8 என்கிறான். 3.8 ஆகவும் இருக்கலாமாம். வகுக்கிறது எந்த வாட்டை, 1200ஆ 800ஆ?

திருக்கோவில் தம்பி, மார்ச் 5, காலை 7.10

மைக்ரோவேவை எல்லாரும் 800 வாட் என்றுதானே சொல்லுவார்கள். 800ஐ 3.8ஆல் வகுத்தால் 210. 220க்குக் கிட்ட வருது. எங்கள் பழைய உருண்டைப் பின் 5 அம்பியர் பிளக்கிலேயே போடலாம் போல.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 5, மதியம் 12.50

800 என்பது சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிற சூடு. சுவரிலிருந்து இழுப்பது 1200. மிச்சம் 400 பெட்டிக்குள்ளேயே சூடாகிப் பின்பக்க விசிறிக் காற்றோடு வெளியே போகிறது. கடையில் விளம்பரத்துக்குச் சொல்வது சின்ன எண், வயருக்கும் பிளக்குக்கும் கணக்குப் பார்ப்பது பெரிய எண். லேபிளில் அம்பியரும் அந்தப் பெரிய எண்ணுக்கே எழுதியிருக்கும்.

1200ஐ 5.8ஆல் வகுத்தால் 207. 1200ஐ 3.8ஆல் வகுத்தால் 316, அப்படி ஒரு வீட்டுக் கரண்ட் உலகத்தில் இல்லை. ஆகவே 5.8தான் சரியான வாசிப்பு. வோல்ட் 120 என்றால் அம்பியர் 10க்கு மேல் இருந்திருக்க வேண்டும், இரண்டு இலக்கம் தெரிந்திருக்கும். வெள்ளையாகிப்போன எண் 2. அது 220.

தம்பி, உங்கள் கணக்கும் 210 என்று வந்ததைக் கவனியுங்கள். விடை பொருத்தமாக இருந்தது, ஆனால் எடுத்த இரண்டு எண்ணும் பிழை. இதுதான் இதில் ஆபத்து. 5.8 அம்பியர் இழுக்கிற சாமானை 5 அம்பியர் பிளக்கில் போட்டால் முதல் நாள் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பித்தளை சூடேறி பிளாஸ்டிக் மஞ்சளாகும். சதுரப் பின் 13 அம்பியரில்தான் போட வேண்டும், எர்த்தோடு.

ஆரையம்பதி ஆசிரியர், மார்ச் 5, பிற்பகல் 3.15

வயர்மன் நானாவின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், ஒரு சந்தேகம். 207 வந்தது, 220 வரவில்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிக்கும்போது வாட் என்றால் வோல்ட் பெருக்கல் அம்பியர், அவ்வளவுதான். 13 வோல்ட் எங்கே போனது? 207 வந்தவுடன் 220 என்று நாமே தள்ளிக்கொண்டு போவது சரியா?

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 5, இரவு 9.10

நல்ல கேள்வி சேர், "வோல்ட் வெளியே வந்துவிடும்" என்று நான் நேற்று எழுதியதை இதனால் கொஞ்சம் திருத்த வேண்டும். அயன்பொக்ஸ், கேத்தல், சோறு சமைக்கிற குக்கர் மாதிரி வெறும் சூட்டுக் கம்பிச் சாமானில் வகுத்தால் வோல்ட் நேராக வரும். மோட்டர், ட்ரான்ஸ்போமர் உள்ள சாமானில் கொஞ்சக் கரண்ட் வேலை செய்யாமல் போய்த் திரும்பி வரும், அம்பியரில் அதுவும் சேரும், வாட்டில் சேராது. அதனால் வகுத்து வருவது உண்மையான வோல்ட்டுக்குக் கீழேதான் நிற்கும், மேலே போகாது. இங்கே 207 வந்தால் வோல்ட் 207 அல்லது அதற்கு மேல். 120 ஆக இருக்கவே முடியாது, எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு முடிவுதான். பிரிஜ், தண்ணி மோட்டர் லேபிளில் வகுத்தால் 150, 160 என்றுகூட வரும், அதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம்.

காத்தான்குடி உம்மு, மார்ச் 5, இரவு 9.55

என்ட கதையையும் சொல்லுறன். போன வருஷம் பழைய ஜப்பான் சாமான் விற்கிற ஒரு கடையில் ரைஸ் குக்கர் எடுத்தேன், கடைப் பெயர் வேண்டாம். வயரில் 220 என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடியில் இருந்த லேபிளை மகன் படமெடுத்தான், எல்லாம் ஜப்பான் எழுத்து, இடையில் 100V, 670W என்று மட்டும் தெரிந்தது. தாளில் இருக்குத்தானே என்று போட்டேன். சோறு வேகவில்லை, பத்து எண்ணுவதற்குள் அடியிலிருந்து புகை, ட்ரிப் சுவிட்சும் விழுந்தது. 100க்கும் 230க்கும் இரண்டு மடங்கு சொச்சம்தானே, அவ்வளவு வேகமாக எரியுமா?

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 5, இரவு 10.20

லாத்தா, வோல்ட் 2.3 மடங்கு என்றால் கரண்டும் 2.3 மடங்கு கூடும், இரண்டையும் பெருக்கினால் சூடு ஐந்து மடங்குக்கு மேல். 670 வாட் குக்கர் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் 3500 வாட் அடுப்பாகிவிட்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததுதான் பாதுகாப்பு, விழாமல் நின்றிருந்தால் வீட்டுக்கு ஆபத்து.

வயரில் ஒட்டிய தாளை நம்பவே வேண்டாம். சாமானின் உடம்பில், கம்பனி ஒட்டிய லேபிள் மட்டும்தான் கணக்கு. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். வேற எழுத்து ஒன்றும் விளங்காவிட்டாலும் 100V என்று கண்டால் அது இங்கே நேராகப் போடுகிற சாமான் இல்லை. உங்கள் மாதிரிக் குக்கருக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் உதவும், சூட்டுக் கம்பிக்கு ஹேர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை. 670 வாட்டுக்கு 1000 என்று எழுதிய ட்ரான்ஸ்போமராவது வேண்டும். அதன் விலைக்குப் புதுக் குக்கரே வாங்கலாம் என்பது வேற கதை.

ஏறாவூர் துபாய்க்காரன், மார்ச் 6, காலை 8.00

பார்த்தீங்களா, ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி என்று நானும் அதைத்தானே சொன்னேன். மைக்ரோவேவ் 220 என்று இப்ப உறுதியாச்சு. இனி என்ன பிரச்சினை?

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 6, இரவு 8.30

இனித்தான் பிரச்சினை. நேற்றிலிருந்து இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நீளும்.

ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் கூட்டும், குறைக்கும். 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. ஸ்டபிலைசரும் ஆக்காது. பழைய மாதிரி மைக்ரோவேவைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் பாரமாகச் சாயும், கதவைப் பார்த்து நின்றால் வலது பக்கம், பட்டன்களுக்குப் பின்னால். அந்தப் பாரம்தான் உள்ளே இருக்கும் இரும்பு ட்ரான்ஸ்போமர். கம்பனிக்காரர் இரும்பையும் செம்பையும் மிச்சம் பிடித்து, அது தாங்கக்கூடிய கடைசி எல்லைவரை போய்த்தான் அதைச் செய்கிறார்கள். அந்த எல்லை வோல்ட்டையும் ஹேர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கிற எல்லை. கரண்ட் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிற நேரம் கூடினால் இரும்புக்குள் காந்தம் கூடும். 60ல் அது சட்டென்று திரும்பிவிடும், 50ல் திரும்பப் பிந்தும்.

கணக்கு சின்னது. லேபிள்படி 220ஐ 60ஆல் வகுத்தால் 3.67. எங்கள் வீட்டில் 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6. கால்வாசி கூட. ஏற்கனவே நிரம்பிய இரும்புக்கு இன்னும் கால் பங்கு ஊற்றுகிற மாதிரி. நிரம்பிய பிறகு அது கரண்டைத் தடுக்காது, சாமான் சும்மா இழுக்கும். அடையாளம் இரண்டு. போட்டவுடன் "ங்ங்" என்று மேசையே அதிருகிற இரைச்சல். மறுகா இரண்டு மூன்று நிமிஷத்தில் பின் துவாரத்திலிருந்து வார்னிஷ் மணம், புதுச் சாமானின் பிளாஸ்டிக் மணம் மாதிரி இருக்காது, கொஞ்சம் இனிப்பாக எரிகிற மணம். நான் ஊருக்கு வந்த புதிதில் சம்மாந்துறையில் ஒரு வீட்டில் இப்படி ஒன்றைத் திறந்தேன், ட்ரான்ஸ்போமரைச் சுற்றிய தாள் கருவாட்டுத் தோல் மாதிரி சுருண்டிருந்தது. நாலு மாசம் ஓடியதாம். அவர்களும் 220 சரிதானே என்றுதான் சொன்னார்கள்.

திருப்பி டைம் வைக்கிற குமிழ் உள்ள மாடல் என்றால் இன்னொன்று, அதில் டைம் ஓட்டுவது கரண்டின் ஹேர்ட்ஸோடு சுழலும் சின்ன மோட்டர். 10 நிமிஷத்துக்கு வைத்தால் 12 நிமிஷம் ஓடும். இது தெரிந்தால் சமாளிக்கலாம். முதல் சொன்னதைச் சமாளிக்க ஏலாது.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 7, காலை 6.45

நானா, உங்கள் நீண்ட பதிலைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். அவன் மாடல் நம்பரை நெட்டில் அடித்துப் பார்த்தானாம், அங்கே 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்காம். அப்படியென்றால் லேபிள் பிழையாக இருக்கலாமா?

ஆரையம்பதி ஆசிரியர், மார்ச் 7, காலை 9.20

எந்த மாடல் நம்பரை அடித்தார் என்று கேளுங்கள் பிள்ளை. முதல் பதிவில் நீங்களே 25B8 அல்லது 2588 என்று சந்தேகப்பட்டீர்கள்.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 7, இரவு 8.15

சேர் சொன்னது சரி. அவன் அடித்தது 2588, கடைசி S இல்லாமல். இன்று அறைக்கு வந்து திரும்பப் படமெடுத்திருக்கிறான், நானா சொன்ன மாதிரியே இருக்கு. 220V, 60Hz, 5.8A, மாடல் 25B8S.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 7, இரவு 9.00

ஒரே பெட்டியைப் பல நாட்டுக்கு விற்பார்கள், வெளியே எல்லாம் ஒன்று, உள்ளே ட்ரான்ஸ்போமர் வேற. எந்த நாட்டுக்கு என்பதைக் கடைசி ஒன்றிரண்டு எழுத்து காட்டும். அதனால் மாடலைத் தேடினால் கடைசி எழுத்துவரை தேட வேண்டும், அப்படித் தேடியும் நெட் ஒன்று சொல்லி லேபிள் இன்னொன்று சொன்னால், லேபிள் சொல்வதையே எடுங்கள். அது ஒட்டியிருப்பது அந்தச் சாமானில்.

தம்பி இந்த முறை எப்படிப் படமெடுத்தார் என்று மற்றவர்களுக்கும் எழுதிவிடுங்கள் தங்கச்சி, உதவும்.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 7, இரவு 9.25

பிளாஷை நிற்பாட்டிவிட்டு, இன்னொரு போன் டோர்ச்சைப் பக்கத்திலிருந்து சரித்து அடித்திருக்கிறான். முதலில் பழைய பெனியன் துணியால் லேபிளைத் துடைத்தானாம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம். ஒரு முழம் தள்ளி நேராக நின்று எடுத்தான், கிட்டக் கொண்டுபோனால் போன் மங்கலாக்குதாம். அப்புறம் வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்பினான், அதுதான் பெரிய வித்தியாசம். முதல் படத்தைப் பெருக்கினால் 5ம் 3ம் ஒரே கறுப்புப் புள்ளி, இதில் 5இன் தலைக்கோடு தனியாகத் தெரியுது.

திருக்கோவில் தம்பி, மார்ச் 8, மாலை 5.40

மச்சானிடம் சவூதி மைக்ரோவேவ் ஒன்று இருக்கு, இன்று போய் லேபிளைப் பார்த்தேன், 220, 60 என்றுதான் இருக்கு. நானா சொன்ன இரைச்சல் உண்மை. ஆனால் ஒரு விஷயம், பகலில் போட்டால்தான் அப்படி இரையுது, இரவு ஏழு எட்டு மணிக்கு அவ்வளவு சத்தமில்லை என்கிறார் மச்சான். ஒரு வருஷமாக இரவில் மட்டும் பாவிக்கிறாராம், எரியவில்லை. இது எப்படி?

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 8, இரவு 9.35

தம்பி, நீங்கள் கொண்டுவந்தது நல்ல சாட்சி. உங்கள் மச்சான் வீடு லைனின் கடைசியில் இருக்க வேண்டும். இரவில் எல்லா வீட்டிலும் விசிறி, டிவி, கேத்தல் போடும்போது அங்கே வோல்ட் இறங்கும். 190க்கு இறங்கினால் 190ஐ 50ஆல் வகுத்தால் 3.8, லேபிளின் 3.67க்குக் கிட்ட வந்துவிடுகிறது, இரும்பு அடங்குகிறது. குறைந்த வோல்ட் அந்தச் சாமானுக்கு மட்டும் நன்மையாகிவிட்டது.

அப்படியானால் வேண்டுமென்றே வோல்ட்டை 183க்குக் குறைத்துக் கொடுத்தால் எல்லாம் சரியா என்று நானே யோசித்தேன். ட்ரான்ஸ்போமர் குளிர்ச்சியாக இருக்கும், அது சரி. ஆனால் அலையை உண்டாக்குகிற குழாய்க்குள்ளும் ஒரு சூட்டுக் கம்பி இருக்கு, அதற்கும் வோல்ட் குறையும், சரியாகச் சூடாகாமல் வேலை செய்தால் அந்தக் குழாய் சீக்கிரம் சாகும் என்பது என் அனுபவம். எவ்வளவு சீக்கிரம் என்று நான் அளந்து பார்த்ததில்லை. மச்சானிடம் பகலில் போட வேண்டாம் என்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆரையம்பதி ஆசிரியர், மார்ச் 8, இரவு 10.10

குழாய் பற்றி எனக்கு முழு உடன்பாடில்லை. 10, 15 சதவீதம் குறைவதைத் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், இங்கே ஊர் ஊராகக் குறைந்த வோல்ட்டில் 50 ஹேர்ட்ஸ் மைக்ரோவேவ்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. சாப்பாடு சூடாகப் பிந்தும், அவ்வளவுதான். மச்சானின் மைக்ரோவேவ் இன்னும் இரண்டு வருஷம் கழித்து என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, லேபிள் பற்றி நாலு நாளாகப் பேசுகிறோம், வந்தாறுமூலை வீட்டில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மின்சார சபை 230 என்று சொல்வதில் ஆறு சதவீதம் கூடக் குறைய வரலாம், 216இலிருந்து 244வரை. பிள்ளையிடம் மல்டிமீற்றர் இருந்தால், அல்லது அளந்து தர யாரும் இருந்தால், மதியம் ஒன்று, இரவு ஒன்று, கேத்தல் போட்டபடி ஒன்று எடுத்துப் போடுங்கள்.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 10, இரவு 8.20

பக்கத்து வீட்டு அண்ணன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், அவர் மீற்றரோடு வந்து குசினி 13 அம்பியர் பிளக்கில் அளந்தார். மதியம் 12.30க்கு 241. இரவு 7.30க்கு 208. அப்போதே 2000 வாட் கேத்தலைப் போட்டவுடன் 199. மதியம் ஏன் இவ்வளவு கூட என்று கேட்டேன், எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக் கூரையில் சோலார் இருக்கு, வெயிலுக்கு அது லைனுக்குள் தள்ளுவதால் ஏறும் என்றார்.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 10, இரவு 9.15

241ஐப் பார்த்த பிறகு எனக்கு மைக்ரோவேவ் பற்றிச் சந்தேகமே இல்லை. 241ஐ 50ஆல் வகுத்தால் 4.82, லேபிளை விட மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூட. மதியச் சோற்றைச் சூடாக்கத்தான் நீங்கள் அதை அதிகம் போடுவீர்கள், அந்த நேரம்தான் ஆகக் கெட்ட நேரம். அனுப்ப வேண்டாம். 220 என்று ஒற்றை எண் போட்ட சாமானுக்கும் 220-240 என்று கோடு போட்டு எழுதிய சாமானுக்கும் உங்கள் வீட்டில் வித்தியாசம் இருக்கு. இனி வாங்கினால் கோடு போட்டதையும், 50 அல்லது 50/60 என்றதையும் பாருங்கள்.

ஆனால் அந்த 199 எனக்கு நித்திரை தரவில்லை. கேத்தல் போட்டவுடன் 9 வோல்ட் விழுகிறது. அந்த வோல்ட்டில் கேத்தல் இழுப்பது ஏழரை அம்பியர். 9ஐ ஏழரையால் பெருக்கினால் 67 வாட். 67 வாட் சூடு உங்கள் பிளக்குக்கும் வெளிக் கம்பத்துக்கும் இடையில் எங்கோ போகிறது. நீளமான வயர் முழுக்கப் பரவிப் போனால் பரவாயில்லை. ஒரு தளர்ந்த ஸ்க்ரூவில் எல்லாம் சேர்ந்து போனால் அது பழைய 60 வாட் குண்டு பல்பை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. கேத்தல் ஒருக்கா கொதித்த பிறகு சுவிட்சை நிற்பாட்டிவிட்டு, புறங்கையால் பிளக் முகத்தையும் மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடியையும் தொட்டுப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், அது லைசன்ஸ் உள்ள வயர்மனின் வேலை.

ஏறாவூர் துபாய்க்காரன், மார்ச் 10, இரவு 9.50

நானா, என்ட மைக்ரோவேவ் லேபிளை இப்பதான் போய்ப் பார்த்தேன். 220-240, 50 ஹேர்ட்ஸ். நீங்க சொன்னது சரி, அன்றைக்கு 220 என்று நான் நினைவில் இருந்து சொன்னேன். தங்கையின் வீட்டுக்காரர் ரியாத்திலிருந்து பிரிஜ் ஒன்று கொண்டுவரப் போகிறார், அதையும் நிற்பாட்டவா?

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 10, இரவு 10.05

லேபிள் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். 60 மட்டும் என்றால் நான் கொண்டுவர மாட்டேன், பிரிஜ் மோட்டரும் இரும்புதான், அது நாள் முழுக்க ஓடுவது வேற. 50/60 என்று இருந்தால் வோல்ட்டைப் பார்த்துவிட்டு வரட்டும்.

வந்தாறுமூலை வாசகி, மார்ச் 14, மாலை 6.30

பிளக் முகம் சூடில்லை. மெயின் சுவிட்ச் பெட்டி மூடி கையை வைத்தவுடன் எடுக்கிற அளவு சூடு. சனிக்கிழமை வயர்மன் ஒருவர் வந்து மெயினை நிற்பாட்டித் திறந்தார், நியூட்ரல் வயர் ஸ்க்ரூ தளர்ந்து வயரின் நுனி கறுத்திருந்தது. நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக இறுக்கினார். நேற்று இரவு 7.30க்கு அளந்தோம், 209, கேத்தலோடு 206.

209 என்பதே குறைவுதானே என்று ஆசிரியர் சேர் கேட்பார், அதற்கு 1987க்கு அழைத்து முறைப்பாடு பதிந்திருக்கிறேன்.

மைக்ரோவேவைத் தம்பி கூட வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு பிளெண்டர் வைக்கப் போகிறானாம். லேபிள் படம் டொக்கியுமென்ட்டாக வந்திருக்கு: 220-240V, 50/60Hz, 400W. அம்பியர் போடவில்லை.

அக்கரைப்பற்று வயர்மன், மார்ச் 14, இரவு 9.20

இது வரட்டும். பிளெண்டரில் அம்பியர் இல்லாவிட்டாலும் 400ஐ 230ஆல் வகுத்தால் 2க்கும் கீழே, எந்தப் பிளக்கும் தாங்கும். பிளக் டொப் மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.